தீபாவளி விளம்பரப் பணத்தை எந்த நாட்களில் போடுவது? ஒரு சென்னிமலை பெட்ஷீட் கணக்கு

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மச்சினன் இரவு பத்து மணிக்குப் போன் செய்தான். சென்னிமலையில் தறிக்காரர்களிடம் பெட்ஷீட் வாங்கி, இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் விளம்பரம் போட்டு, தன் சொந்த வெப்சைட் வழியாக விற்பவன்.

"ஏனுங்க மாமா, ஆவணியில ஆயிரம் தடவ காட்டறதுக்கு எழுபத்தஞ்சு ரூபா ஆச்சு. இப்ப நூத்திப்பத்து கேக்குது. நிறுத்திப்போடலாமுங்களா?"

"ஒரு ஆர்டர் பிடிக்க எவ்வளவு ஆகுது மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அதை அவன் பார்த்திருக்கவில்லை. இருவரும் போனிலேயே கணக்குப் போட்டோம். ஆவணியில் ஓர் ஆர்டருக்கு 375 ரூபாய் ஆகியிருந்தது. விலை ஏறிவிட்டது என்று அவன் பயந்த புரட்டாசியில் அதுவே 275 ரூபாய்.

ஈரோட்டிலும் திருப்பூரிலும் சின்னச் சின்ன ஜவுளிக் கடைகளுக்கு நான் விளம்பரம் பார்த்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்தக் குழப்பத்தில்தான் நிறையப் பணம் வீணாகிறது. எனவே மச்சினனின் கணக்கையே எடுத்து, கையிலுள்ள பணத்தைச் சீசனில் நான்கு விதமாகப் போட்டால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அதற்கு முன் விலை ஏன் ஏறுகிறது என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் எந்த வழியையும் எடை போட முடியாது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரைக்கு மறைமுக ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் என்ன விலை எழுதினார் என்று தெரியாமல் ஒவ்வொரு வியாபாரியும் தன் விலையை எழுதிக் கொடுப்பார். விளம்பரமும் அப்படித்தான் விற்கிறது. பெருந்துறையில் ஒரு பெண் இன்ஸ்டாகிராமைத் திறக்கிறார். அவர் திரையில் விழும் ஒரு விளம்பர இடத்துக்கு அந்த நொடியே ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. பண்டிகை வந்தால் அவர் பார்க்கும் நேரம் இரண்டு மடங்காகிவிடாது. சரக்கு ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ஏலம் கேட்க வருபவர்கள் பல மடங்காகிறார்கள். செல்போன் கம்பெனி, நகைக்கடை, வங்கிக் கடன், பெரிய ஆன்லைன் கடைகள் எல்லாம் அதே பெண்ணின் திரைக்குப் போட்டி போடுகிறார்கள். அவர்களில் பலருக்கு வருட விற்பனையின் பெரும்பகுதி இந்த ஒன்றரை மாதத்தில்தான் நடக்க வேண்டும். அதனால் விலை பார்க்காமல் கேட்பார்கள்.

கொப்பரை ஏலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதிக விலை கேட்டவருக்கே இடம் என்பது இங்கே கிடையாது. இன்ஸ்டாகிராமையும் பேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் ஏலத்தில் நீங்கள் கேட்கும் விலையை, இவர் வாங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்ற கணிப்போடு பெருக்கி, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துத்தான் வெற்றி முடிவாகிறது. பெட்ஷீட் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சென்னிமலைக்காரர் பெரிய கம்பெனியைவிடக் குறைந்த விலையில் ஜெயிக்க முடிவது இதனால்தான். சீசனில் சின்னக் கடைக்கு இருக்கும் உண்மையான பிடி இது.

இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. தினம் 2,000 ரூபாய் என்று பட்ஜெட் கொடுத்து, வேறு எந்த வரம்பும் வைக்காமல் விட்டால், அந்தப் பணத்தை முழுவதும் செலவழித்து முடிந்த அளவு ஆர்டர் கொண்டு வருவதுதான் விளம்பரத்தை ஓட்டும் இயந்திரத்துக்கு நாம் கொடுத்த வேலை. அன்று சந்தை விலை இரண்டு மடங்கானாலும் அது வாங்கத்தான் செய்யும். வேண்டாம் என்று நாம் சொல்லி வைக்கவில்லையே.

சரி, மச்சினனின் கணக்குக்கு வருவோம். எண்களை எளிதாக்க முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஒரு செட் விற்பனை விலை 1,200 ரூபாய். தறிக்கூலி, நூல், தையல், பேக்கிங், கூரியர், திரும்பி வரும் பார்சல் நட்டம் எல்லாம் போக, விளம்பரத்துக்கு முன் அவன் கையில் நிற்பது 400 ரூபாய். ஓர் ஆர்டர் பிடிக்க 400-க்கு மேல் ஆனால் அந்த விற்பனை நட்டம். சீசன் முழுவதுக்கும் அவனிடம் இருந்த விளம்பரப் பணம் 1,20,000 ரூபாய்.

அவன் விளம்பரத்தை ஆயிரம் தடவை காட்டினால் சுமார் பத்துப் பேர் தொட்டு உள்ளே வருகிறார்கள். இந்த எண்ணிக்கை சீசன் முழுவதும் பெரிதாக மாறவில்லை. உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் மாறியது.

| தீபாவளிக்கு முன் | ஆயிரம் பார்வைக்கு விலை | நூறு பேர் வந்தால் வாங்கியவர் | ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு |
|---|---|---|---|
| 60 முதல் 31 நாள் வரை | ரூ. 75 | 2 | ரூ. 375 |
| 30 முதல் 8 நாள் வரை | ரூ. 110 | 4 | ரூ. 275 |
| கடைசி 7 நாள் | ரூ. 160 | 2 | ரூ. 800 |

நடுவரியைப் பாருங்கள். பார்வையின் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. ஆனால் வாங்கும் மனநிலை இரண்டு மடங்காகியிருக்கிறது. அதனால் ஆர்டர் மலிவாகிவிட்டது. கடைசி வரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். போட்டி உச்சத்துக்குப் போய்விட்டது, ஆனால் பார்ப்பவருக்கு 'இது தீபாவளிக்குள் வந்து சேருமா' என்ற சந்தேகம் வந்துவிட்டது. கூரியர்க்காரரும் அந்த வாரம் உறுதி கொடுப்பதில்லை. பணம் பெற்றுக்கொண்டு கொடுக்கும் பார்சல் தீபாவளி முடிந்து போனால் பலர் வாங்க மறுத்துவிடுகிறார்கள். அப்போது போக வர இரண்டு கூரியர் கூலியும் நம் தலையில். அதனால் அந்த 800 ரூபாய்கூடக் குறைத்துச் சொன்ன கணக்குதான்.

விலை ஏற்றம் தனியாக ஆபத்தில்லை. விலை ஏறியும் வாங்கும் எண்ணம் இறங்கிய நாட்கள்தான் ஆபத்து. நான்கு வழிகளையும் இந்தப் பார்வையோடு பார்க்கலாம். முதல் வழி அவன் உண்மையில் செய்தது. மற்ற மூன்றும் அதே விகிதங்களை வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கு.

முதல் வழி, சமமாகப் பிரிப்பது. 60 நாளும் தினம் 2,000 ரூபாய். முதல் 30 நாளில் 60,000 ரூபாய்க்கு 160 ஆர்டர். அடுத்த 23 நாளில் 46,000 ரூபாய்க்கு 167 ஆர்டர். கடைசி வாரம் 14,000 ரூபாய்க்கு வெறும் 17. மொத்தம் 344 ஆர்டர், விளம்பரச் செலவு போக லாபம் 17,600 ரூபாய். மோசம் இல்லை. ஆனால் பாதிப் பணம், மக்கள் இன்னும் தீபாவளியை நினைக்கவே தொடங்காத நாட்களில் போயிருக்கிறது. கடைசி வாரத்தில் நிறுத்தச் சொல்ல எனக்கும் அப்போது தோன்றவில்லை. அந்த ஒரு வாரத்தில் மட்டும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் நட்டம்.

இரண்டாவது வழி, 'பண்டிகை நெருங்கட்டும், அப்புறம் போட்டுத் தாக்கலாம்' என்பது. கடைக்காரர்களுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். கடைசி 15 நாளில் தினம் 8,000 ரூபாய். நான்கு மடங்கு பணம் போட்டால் அதே விலைக்கு நான்கு மடங்கு ஆர்டர் வராது. வாங்கத் தயாராக இருப்பவர்களை இயந்திரம் முதலில் பிடிக்கும், பிறகு அரைமனதாக இருப்பவர்களிடம் போகும். 275 என்பது 330 ஆகும் என்று வைத்தாலே, முதல் எட்டு நாளில் 194 ஆர்டரும் கடைசி வாரத்தில் 70 ஆர்டரும் வரும். லாபம் இல்லை, 14,400 ரூபாய் கைநட்டம். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது, நடுவில் உள்ள 23 நாளில் மட்டும் போடுவது. முழுப் பணமும் அந்த நாட்களில் என்றால் தினம் 5,200 ரூபாய் சொச்சம். ஆர்டர் விலை 310 வரை ஏறலாம். அப்படியும் 387 ஆர்டர் வரும், சுமார் 34,800 ரூபாய் லாபம். வேறு எதையும் மாற்றாமல், தேதியை மட்டும் மாற்றியதில் லாபம் இரட்டிப்பு.

நான்காவது வழியில் சீசனுக்கு முன்பே ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறோம். முதல் 30 நாளில் விற்க முயற்சி செய்யாமல், 30,000 ரூபாயை வாட்ஸ்அப்பில் பேச வைக்கும் விளம்பரத்துக்குப் போடுவது. தறி ஓடும் வீடியோ, சாயம் போகுமா என்று துவைத்துக் காட்டும் வீடியோ மாதிரி. ஒருவரைப் பேச வைக்க 15 ரூபாய் என்றால் 2,000 பேர் சேர்வார்கள். தீபாவளிச் செட் பற்றிச் செய்தி அனுப்ப அவர்களிடம் அப்போதே சம்மதம் கேட்டுக்கொள்ள வேண்டும். நடு 23 நாளில் அவர்களுக்கு இரண்டு செய்தி. ஒரு செய்திக்குச் சுமார் ஒரு ரூபாய் என்றால் 4,000 ரூபாய். நூற்றுக்கு ஆறு பேர் வாங்கினால் 120 ஆர்டர். மீதியில் 80,000 ரூபாயைப் புது ஆட்களுக்கான விற்பனை விளம்பரத்தில் தினம் 3,500 ரூபாய் வீதம் போட்டால், ஓர் ஆர்டர் 290 என்று வைத்து 275 ஆர்டர். மொத்தம் 395 ஆர்டர், செலவு 1,14,000, லாபம் 44,000 ரூபாய். கையில் 6,000 ரூபாய் மிச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் பட்டியலிலிருந்து வந்த அந்த 120 ஆர்டருக்கு ஆன செலவு ஒன்றுக்கு 283 ரூபாய். புது ஆட்களைப் பிடிக்கும் 290-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பட்டியல் சேர்த்தால் விளம்பரமே மலிவாகிவிடும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். நான்காவது வழியின் பலன் வேறு. ஒன்று, நடுநாட்களில் தினசரிப் பணம் குறைவதால் ஏலத்தில் நாம் அரைமனது ஆட்கள்வரை இறங்க வேண்டியதில்லை. இரண்டு, இன்னும் வாங்காத 1,880 பேர் பொங்கலுக்கும் மார்கழிக் குளிருக்கும் கையில் இருக்கிறார்கள்.

ஆனால் 2,000 பேர் பேச வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும். 'சைஸ் என்னங்க, கலர் போகுமாங்க' என்ற கேள்விக்கு அரை நாள் கழித்துப் பதில் போட்டால் அந்த 15 ரூபாய் தண்ணீரில் போட்டதுதான். அத்தோடு, சம்மதம் இல்லாதவர்களுக்கும் செய்தி அனுப்பி நிறையப் பேர் தடுத்துவிட்டால், அந்த வாட்ஸ்அப் எண்ணின் தரமே இறங்கிவிடும். வீட்டில் போனைப் பார்க்க ஒருவர் இருந்தால் நான்காவது வழி, இல்லையென்றால் மனசைக் குழப்பிக்கொள்ளாமல் மூன்றாவது வழி. என் முடிவு இது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதாயிரம் ரூபாய்தான். முதல் வழியிலிருந்து மூன்றாவதுக்கு வருவதில்தான் பெரிய பணம் இருக்கிறது.

எந்த வழியானாலும் பணத்தை ஓட்டும் விதத்தில் சில இடங்கள் சறுக்கும். அதிகம் பார்ப்பது, ஒரே விளம்பரத்தைப் பல கூறாகப் பிரிப்பது. மெட்டாவில் ஒவ்வொரு விளம்பரத் தொகுப்பும், யாருக்குக் காட்டினால் விற்கும் என்று நன்றாகக் கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டர் வேண்டும். தினம் 3,500 ரூபாய் என்றால் நாளுக்கு 12 ஆர்டர், வாரத்துக்கு 84 சொச்சம். ஒரே தொகுப்பில் விட்டால் தாராளமாகப் போதும். கோவைக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் முப்பதுக்கும் குறைவு. மூன்றுமே அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, விலை அதிகமான நாட்களில் தடுமாறும். பெரிய மாற்றம் செய்யும்போதெல்லாம் இந்தக் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எனவே விற்பனை விளம்பரத்தை 35-ஆம் நாள் வாக்கிலேயே சிறிய தொகையில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு வீதம் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. இது எங்கள் வேலையில் உள்ளவர்கள் அனுபவத்தில் பிடித்த அளவு, எழுதப்பட்ட விதி அல்ல.

அடுத்தது விலைக்கு ஒரு தாழ்ப்பாள். மெட்டாவில் Cost per result goal என்ற இடத்தில் ஓர் ஆர்டருக்கு நாம் தரத் தயாரான சராசரித் தொகையை எழுதலாம். மச்சினனுக்கு 400-இல் நட்டம் தொடங்குகிறது, செட்டுக்கு 100 ரூபாயாவது நிற்க வேண்டும் என்றால் 300. இதனால் ஒவ்வொரு ஆர்டரும் 300-க்குள் வரும் என்று உறுதி இல்லை, சராசரியை அதன் பக்கத்தில் வைக்கத்தான் முயலும். ஆனால் சந்தை எகிறும் நாளில் பணம் தானாகவே குறைவாகச் செலவாகும். பேராசையில் 200 என்று எழுதினால் விளம்பரம் ஓடவே ஓடாது. பட்ஜெட்டில் பாதிகூடச் செலவாகாமல் நின்றால், தாழ்ப்பாள் மிகவும் இறுக்கம் என்று தெரிந்துகொள்ளலாம்.

செலவு கூடும் நாளில் காரணம் சீசனா, நம் விளம்பரமா என்று பிரித்தறிய வேண்டும். திரையில் CPM, அதாவது ஆயிரம் பார்வைக்கான விலை, ஏறி, தொடுபவர் விகிதமும் வாங்குபவர் விகிதமும் அப்படியே இருந்தால் அது சந்தை விலை. ஆர்டர் செலவு நம் எல்லைக்குள் இருக்கும்வரை கையை வைக்கக் கூடாது. தொடுபவர் குறைந்துகொண்டே போய், ஒருவர் சராசரியாக எத்தனை தடவை பார்த்தார் என்று சொல்லும் Frequency என்ற எண் நான்கு, ஐந்து என்று ஏறினால் அதே ஆட்கள் அதே படத்தைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். புதுப் படம் வேண்டும். தொடுபவர் குறையாமல் வாங்குபவர் மட்டும் குறைந்தால் விளம்பரத்தில் குற்றம் இல்லை. கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதிகம் விற்ற கலர் தீர்ந்திருக்கும், அல்லது வந்து சேரும் தேதி தீபாவளியைத் தாண்டிப் போயிருக்கும்.

பட்ஜெட் எழுதும்போது வரியையும் சேர்த்து எழுதுங்கள். விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு இருந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனாலும் பணம் முதலில் கையை விட்டுப் போகத்தான் செய்யும். தினசரி பட்ஜெட் என்பதும் அன்றன்றைக்கான கண்டிப்பான எல்லை அல்ல. மெட்டா ஒரு நாளில் 75 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழித்து, வாரக் கணக்கில் சரிசெய்யும். கூகுளில் ஒரு நாள் இரண்டு மடங்குகூடப் போகலாம், மாதக் கணக்கில் சரியாகும். வாரத்தின் நடுவில் நிறுத்துபவருக்கு இந்த இடத்தில் கணக்கு இடிக்கும்.

இத்தனையும் கூரியரில் விற்பவருக்கான கணக்கு. ஈரோட்டிலோ திருப்பூரிலோ கோவை ஒப்பணக்கார வீதியிலோ கடை வைத்திருப்பவருக்குக் கடைசி வாரம் தலைகீழ். பனியன் கம்பெனிகளிலும் மில்களிலும் போனஸ் கைக்கு வந்த பிறகுதான் இங்கே குடும்பத்தோடு துணி எடுக்கக் கிளம்புவார்கள். வந்து சேருமா என்ற சந்தேகம் அவர்களுக்கு இல்லை, பையோடு வீட்டுக்குப் போகிறார்கள். கடைக்காரர் தன் கடையைச் சுற்றி 15, 20 கிலோமீட்டருக்கு மட்டும் விளம்பரம் காட்டி, கடைசிப் பத்து நாளில் அந்த 160 ரூபாயைக் கொடுக்கலாம். கடையும் ஆன்லைனும் இரண்டும் வைத்திருப்பவர் ஒரே பட்ஜெட்டில் இரண்டையும் ஓட்டக் கூடாது.

அப்புறம், போன வருடக் கணக்கை இந்த வருடத்தோடு தேதி பார்த்து ஒப்பிடாதீர்கள். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. அக்டோபர் 15 என்பது ஒரு வருடம் விளம்பரத்தை நிறுத்த வேண்டிய நாள், இன்னொரு வருடம் வேகம் எடுக்கும் நாள். தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஒப்பிட வேண்டும்.

2026-க்கு எண்ணிப் பார்த்தால் செப்டம்பர் 9-இல் ஆள் சேர்ப்பு, அக்டோபர் 9-இல் முழு விற்பனை விளம்பரம், அக்டோபர் 31 சனிக்கிழமை இரவு நிறுத்தம். வெளிமாநில ஆர்டருக்கு அதற்கும் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடலாம். மச்சினன் நான்காவது வழியைத்தான் எடுத்திருக்கிறான், வாட்ஸ்அப்பைப் பார்க்க என் மாமியார் வீட்டிலேயே ஒரு பெண் இருக்கிறாள். 395 ஆர்டர் கணக்குக்கு 450 செட்டாவது ஆவணி முடிவதற்குள் பேக்கிங்கில் நிற்க வேண்டும். மிச்சமாகும் 6,000 ரூபாயை மார்கழிப் போர்வைக்கென்று இப்போதே தனியாக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.